கனடாவிலிருந்து கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால், எதை முதலில் செய்வது?

வன்னியில் இருந்து வாழ்க்கைத்துணை ஸ்பொன்சரில் கனடாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, இடையில் ஒரு நாள் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வரும். இன்னும் சில ஆவணங்கள் வேண்டும், இத்தனை நாளுக்குள் அனுப்பு, அனுப்பாவிட்டால் கையில் இருப்பதை வைத்து முடிவெடுப்போம், விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்று அதில் இருக்கும். கடைசி வரியைப் பார்த்ததும் பலருக்குக் கை நடுங்கிவிடும். உடனே கிடைத்ததை எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்புபவர்களும் உண்டு, கனடாவில் இருக்கிற ஆள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே கோப்பைக் கெடுக்கும்.

இந்தக் கடிதத்தை எப்படி வாசிப்பது, அதில் கேட்டவற்றை எந்த ஒழுங்கில் செய்வது என்பதை ஓர் உதாரணக் கடிதத்தை வைத்துப் பார்ப்போம். வேறு நாட்டு விசா என்றால் படிவங்களும் விதிகளும் மாறும். இங்கே எழுதியிருப்பது கனடாவுக்கானது.

## இது எந்தக் கடிதம்?

அந்தக் கடைசி வரி எச்சரிக்கை போலத் தெரிந்தாலும் கிட்டத்தட்ட எல்லாக் கடிதத்திலும் வரும் வழமையான வாசகம்தான். கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, விண்ணப்பிப்பவர் கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், அதிகாரி நியாயமாகக் கேட்கும் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமையை நினைவூட்டும் வரி அது. ஆவணம் கேட்கிறார்கள் என்றால் அதிகாரி கோப்பைத் திறந்து பார்க்கிறார், முடிவெடுக்க ஏதோ போதவில்லை என்று அர்த்தம்.

ஆனால் இன்னொரு வகைக் கடிதமும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. அதில் ஆவணப் பட்டியல் சிறியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதற்குப் பதிலாக, இந்தத் திருமணம் உண்மையானதா என்பதில் எனக்குச் சந்தேகம் உள்ளது, நீங்கள் தகவலை மறைத்திருக்கலாம், பதில் சொல்ல உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் தருகிறேன் என்ற பாணியில் எழுதியிருப்பார்கள். 40ஆம் பிரிவையோ, ஒழுங்குவிதிகளின் 4ஆம் விதியையோ குறிப்பிட்டிருப்பார்கள். 40ஆம் பிரிவு பொய்த் தகவல் பற்றியது, அதில் மாட்டினால் 5 வருடத் தடை. 4ஆம் விதி, குடியேறுவதற்காகவே செய்த திருமணம் பற்றியது. இதை நடைமுறை நியாயக் கடிதம் என்பார்கள். ஆவணத்தை மட்டும் இணைத்து இதற்குப் பதில் அனுப்பக்கூடாது. கனடாவில் உரிமம் உள்ள வழக்கறிஞரோ குடிவரவு ஆலோசகரோ பார்க்க வேண்டும். ஆலோசகர் உண்மையில் உரிமம் பெற்றவரா என்பதை அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் ‘கல்லூரி’ என்ற அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஊரில் பலகை போட்டிருக்கும் ஏஜென்சிக்காரர்களில் பெரும்பாலானோரின் பெயர் அதில் இருக்காது.

கீழே வருவது முதல் வகைக் கடிதத்துக்கு.

## அனுப்பியது யார், வந்து சேர்ந்தது யாரிடம்?

அனுப்பியவரின் பெயரைப் பார்க்காமல் முகவரியைப் பார்க்க வேண்டும். பெயர் என்று யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம். கனடா அரசாங்கத்தின் முகவரி, `@` குறிக்குப் பின்னால் வரும் பகுதியின் கடைசியில் `gc.ca` என்று முடியும். `cic.gc.ca` சரி. `gc.ca-visa.com` என்று இருந்தால் அது கனடா அரசு அல்ல, `ca-visa.com` என்று யாரோ பதிந்த பெயர். அத்தோடு கடிதத்தில் விண்ணப்ப இலக்கமும் `UCI` இலக்கமும் இருக்கும், இரண்டும் முன்பு கிடைத்த ஒப்புதல் கடிதத்தில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். தனியாள் பெயருக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி, அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வன்னியில் இதைவிட அடிக்கடி வரும் சிக்கல் வேறு. விண்ணப்பம் போட்டபோது கொடுத்த மின்னஞ்சல் விண்ணப்பதாரியுடையதாகவே இருக்காது. கொமினிகேசன் கடைக்காரர் திறந்து கொடுத்ததாக இருக்கும், அல்லது கனடாவில் படிவம் நிரப்பிய ஆளுடையதாக இருக்கும். `IMM 5476` படிவத்தில் ஒருவரைப் பிரதிநிதியாக எழுதியிருந்தால் கடிதங்கள் அவருக்குத்தான் போகும். அவர் பத்து நாள் கழித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்தப் பத்து நாளும் விண்ணப்பதாரியின் கணக்கில்தான் கழியும். எனவே கடிதம் கிடைத்ததும், யாருடைய கணக்கில் இருந்து பதில் போகப்போகிறது, அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதை அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## கடிதத்துக்குள் தேட வேண்டியவை

முழுவதையும் மொழிபெயர்த்து விளங்கிக்கொள்வதற்கு முன்னால், நான்கு விடயங்களைப் பேனாவால் வட்டமிட்டால் போதும்.

1. கடிதத் திகதி. நாட்கணக்கு பெரும்பாலும் இதிலிருந்துதான் ஓடும். மின்னஞ்சலைத் திறந்த நாளோ, கடைக்காரர் சொன்ன நாளோ கணக்கில்லை.
2. கெடு. 30 நாள் என்பது வழமை, ஆனால் 7 நாளும் வரும், 60 நாளும் வரும். பொலிஸ் சான்றுக்கு ஒரு கெடு, மற்றவற்றுக்கு இன்னொரு கெடு என்று பிரித்தும் எழுதுவார்கள்.
3. அனுப்பும் வழி. இணையக் கணக்கில் ஏற்று, இணையப் படிவம் ஊடாக அனுப்பு, இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பு என்று ஏதாவது ஒன்று சொல்லியிருப்பார்கள். `donotreply` என்று தொடங்கும் முகவரிக்குப் பதில் அனுப்பினால் அதை யாரும் வாசிக்கப்போவதில்லை.
4. ஒவ்வொரு ஆவணத்துக்கும் உள்ள நிபந்தனை. பிறப்புப் பத்திரம் என்று மட்டும் இருக்கிறதா, பெற்றோர் பெயருடன் என்று இருக்கிறதா? பிரதியா, மூலமா? மொழிபெயர்ப்பு வேண்டுமா?

நாலாவதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கேட்ட பெயருள்ள ஆவணத்தை அனுப்பியிருப்பார்கள், நிபந்தனையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

## ஓர் உதாரணக் கடிதம்

இந்தக் கோப்பு உதாரணத்துக்காக உருவாக்கியது. அதில் கேட்கப்படுபவை வழமையாகக் கேட்கப்படுபவைதான்.

விண்ணப்பதாரி விசுவமடுவில் இருக்கும் ஒரு பெண். 1996இல் பிறந்தவர், பிறப்புப் பதிவு புதுக்குடியிருப்புப் பக்கம். 2019 தொடக்கம் முதல் 2021 மார்ச் வரை ஓமானில் வேலை செய்தார். 2023இல் கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 2024இல் திருமணம், கணவர் ஸ்கார்பரோவில். கடிதத் திகதி மார்ச் 3, கெடு 30 நாள். கேட்டவை இவை:

1. கணவன் மனைவி உறவு தொடர்கிறது என்பதற்கான மேலதிக ஆதாரம்.
2. திருத்தி நிரப்பிய `IMM 5669` படிவம், காலத்தில் இடைவெளி இல்லாமல்.
3. பெற்றோர் பெயருடன் பிறப்பத்தாட்சிப் பத்திரம், மொழிபெயர்ப்புடன்.
4. இலங்கைக்கும், 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாழ்ந்த வேறு நாடுகளுக்கும் பொலிஸ் சான்று.

30 நாளைக் கூட்டினால் கடைசி நாள் ஏப்ரல் 2. ஒட்டாவா நேரம் எங்களுக்கு ஒன்பதரை, பத்தரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால் கடைசி நாளில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை நம்பாமல், மார்ச் 30ஐயே கடைசி நாளாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆரம்பிப்பதற்கு முன், அதிகாரி இந்த நான்கையும் ஏன் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். `IMM 5669` என்பது விண்ணப்பதாரியின் பின்னணியைக் கேட்கும் படிவம். கடந்த 10 வருடமும் என்ன செய்தீர்கள், எங்கே வாழ்ந்தீர்கள் என்று மாதக் கணக்கில் எழுத வேண்டும். வயது குறைந்தவர்கள் 18 வயதிலிருந்து எழுதலாம். இந்தப் பெண் வேலைப் பகுதியில் ஓமானை எழுதியிருக்கிறார், முகவரிப் பகுதியிலோ 10 வருடமும் விசுவமடு என்று போட்டிருக்கிறார். 2021 ஏப்ரலில் இருந்து 2023 வரை வேலை இல்லாததால் வேலைப் பகுதியில் ஒன்றுமே எழுதவில்லை. பொலிஸ் சான்றும் இலங்கையுடையது மட்டும், அதுவும் பழையது. ஆகவே 2ஆம், 4ஆம் கேள்விகள் இரண்டும் ஓமான் என்ற ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. படிவத்தில் ஓமான் முகவரியை எழுதாமல் ஓமான் பொலிஸ் சான்றை மட்டும் அனுப்பினாலோ, மாறிச் செய்தாலோ, முரண்பாடு அப்படியே இருக்கும்.

## ஒழுங்கு: யார் கையில் இருக்கிறது?

கடிதத்தில் 1, 2, 3, 4 என்று இருக்கும் வரிசை வேலை செய்யும் வரிசை அல்ல. படம் தேடுவதும் படிவம் நிரப்புவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை என்பதால் பலர் அவற்றில் தொடங்கி முதல் வாரத்தை அதிலேயே செலவழிக்கிறார்கள். பொலிஸ் சான்றுக்குப் போடும்போது பாதி மாதம் போயிருக்கும்.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி, இது இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான். வெளிநாட்டு அரசின் கையில் இருப்பதற்கு முதல் நாள், கொழும்பின் கையில் இருப்பதற்கு அதே நாள், டி.எஸ். ஒபிசின் கையில் இருப்பதற்கு அடுத்த நாள். தன் கையில் இருப்பதைக் காத்திருக்கும் நேரத்தில் செய்யலாம். இந்த உதாரணத்தில் 4, 3, 2, 1 என்று தலைகீழாக வருகிறது.

### ஓமான் பொலிஸ் சான்று

இதுதான் எங்கள் கட்டுப்பாட்டுக்கு மிகத் தூரத்தில் இருப்பது. நாடு வாரியாகப் பொலிஸ் சான்றை எப்படி எடுப்பது என்று கனடா குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலேயே தனிப் பக்கம் இருக்கிறது. யார் சொன்னதையும் கேட்பதற்கு முன் அதை வாசிக்க வேண்டும். வெளியில் இருந்து எடுப்பதற்குக் கைரேகையும், அங்கே இருந்த காலத்து விசா அல்லது வதிவிட அட்டைப் பிரதியும் கேட்கப்படலாம். ஆகவே முதல் வேலை பழைய பாஸ்போட்டைத் தேடி எடுப்பது. அதில் உள்ள நுழைவு, வெளியேற்ற முத்திரைகள்தான் படிவத்தில் எழுதப்போகும் மாதங்களுக்கும் ஆதாரம்.

விண்ணப்பித்த அன்றே பற்றுச்சீட்டு, விண்ணப்ப இலக்கம், அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்க வேண்டும். சான்று நேரத்துக்கு வராவிட்டால் இவைதான் கைகொடுக்கும். சான்று அரபியில் மட்டும் வந்தால் அதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், அந்த நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

### இலங்கைப் பொலிஸ் சான்று

இதற்கு இணையத்தில் பொலிஸ் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போட், அடையாள அட்டைப் பிரதிகள் வேண்டும். விண்ணப்பத்தில் எழுதும் முகவரிகளுக்குரிய பொலிஸ் நிலையங்களுக்கு விசாரணை போகும். இங்கேதான் வன்னிக்காரருக்குத் தாமதம் வருகிறது. அடையாள அட்டையில் ஒரு முகவரி, மீள்குடியேறிய இடம் இன்னொன்று, வாக்காளர் இடாப்பில் வேறொன்று என்று இருக்கும். விசாரணைக்கு வருபவர் எழுதிய முகவரிக்குப் போய், அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பினால் ஒரு வாரம் போய்விடும்.

ஆகவே இப்போது உண்மையில் வாழும் முகவரியைப் போட வேண்டும். ஜீ.எஸ்.இடம் வதிவிடச் சான்று எடுத்து வைத்து, இப்படி ஒரு விசாரணை வரும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதே முகவரியை, அதே எழுத்தில், `IMM 5669`இலும் எழுத வேண்டும்.

பொலிஸ் சான்றுக்கு வயது உண்டு. இப்போது வாழும் நாட்டின் சான்று, விண்ணப்பிக்கும்போது 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. முன்பு வாழ்ந்த நாட்டின் சான்று, அங்கிருந்து கடைசியாக வெளியேறிய பின் எடுத்ததாக இருந்தால் போதும். ஓமானில் இருந்து வரும்போதே ஒரு சான்று எடுத்துக்கொண்டு வந்தவர்கள், அதன் திகதி வெளியேறிய நாளுக்கு முன்னதா பின்னதா என்று பார்க்க வேண்டும். முன்னது என்றால் அது உதவாது.

### பிறப்பத்தாட்சிப் பத்திரம்

பதிவு கணினியில் ஏறியிருந்தால் பிரதியை நாட்டின் வேறு பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். பழைய பிரதி ஒன்று கையில் இருந்தால் பதிவு இலக்கமும் திகதியும் அதில் இருக்கும், வேலை ஒரே நாளில்கூட முடிந்துவிடும். அது இல்லாவிட்டால் தேடல் விண்ணப்பம் போட வேண்டும்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் 2009 வரையான இடப்பெயர்வில் மூலப் பதிவேடுகளும் வீட்டில் இருந்த பிரதிகளும் அழிந்த குடும்பங்கள் ஏராளம். அந்த நிலை என்றால் இரண்டு வழி. பதிவேட்டின் இரண்டாம் பிரதி பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம், அங்கே தேடச் சொல்லலாம். அங்கும் இல்லையென்றால், தேடியும் பதிவு கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ‘பதிவு இல்லையாம்’ என்று நாங்கள் எழுதிக் கொடுப்பதை அதிகாரி ஏற்கமாட்டார். பதிவாளர் எழுதிக் கொடுத்தால் அது ஓர் ஆவணம். அதோடு பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, ஞானஸ்நானப் பத்திரம், அனுமான வயதுச் சான்று என்று எது இருக்கிறதோ அதை இரண்டாம் நிலை ஆதாரமாகச் சேர்க்கலாம்.

பத்திரம் தமிழில் இருப்பதால் மொழிபெயர்ப்பு வேண்டும். விண்ணப்பதாரியோ, அவரது துணையோ, பெற்றோர், சகோதரர் போன்ற குடும்பத்தவரோ மொழிபெயர்த்தால் கனடா ஏற்காது, அவர்கள் தொழிலே அதுவாக இருந்தாலும் சரி. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். அவர் கனடாவில் சான்று பெற்றவர் அல்ல என்பதால், இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று சத்தியக் கடதாசி முடித்து வாங்குவது பாதுகாப்பு. மூலப் பத்திரத்தின் பிரதியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது பாஸ்போட் பிரதியையும் கொண்டு போக வேண்டும். பத்திரத்தில் தகப்பன் பெயர் தர்மலிங்கம் என்று தமிழில் இருக்கும். பாஸ்போட்டில் `Tharmalingam`. மொழிபெயர்ப்பாளர் தன் வழமைப்படி `Dharmalingam` என்று எழுதினால், ஒட்டாவாவில் இருப்பவருக்கு அது வேறு பெயர். இந்தச் சின்ன விடயத்துக்காக இன்னொரு கடிதம் வந்து இன்னொரு மாதம் போகும்.

தமிழிலேயே பெயர் மாறியிருந்தால் வேறு கதை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடம் முதல் பாஸ்போட் வரை இன்னொரு பெயர் என்றால், திருத்தம் 30 நாளில் முடியும் என்று நம்பிக் காத்திருக்கக்கூடாது. இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று ஜே.பி. முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து இப்போது அனுப்பலாம். திருத்த விண்ணப்பத்தைத் தனியாகப் போட்டு அதன் பற்றுச்சீட்டையும் சேர்க்கலாம்.

### படிவம்

வெளியில் போட வேண்டியவற்றைப் போட்ட பிறகு படிவத்தை எடுக்கலாம். வேலையில்லாத காலத்தை வெறுமையாக விடாமல், வேலை இல்லை என்றே எழுத வேண்டும். இந்தப் பெண்ணுக்கு 2021 ஏப்ரல் முதல் 2023இல் வேலைக்குச் சேர்ந்த மாதம் வரை அப்படி ஒரு வரி. முகவரிப் பகுதியில் விசுவமடு, ஓமான், மறுபடி விசுவமடு என்று மூன்று வரி. ஒரு வரி முடியும் மாதமும் அடுத்தது தொடங்கும் மாதமும் தொட்டுக்கொள்ள வேண்டும். முன்பு தவறாக எழுதியதை, முதல் படிவத்தில் ஓமான் முகவரி விடுபட்டுவிட்டது, இப்போது திருத்தியுள்ளேன் என்று விளக்கக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொல்லாமல் மாற்றினால் பழைய படிவமும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது மறைத்தது போலத் தெரியும்.

இதே படிவத்தில் தடுத்து வைக்கப்பட்டதுண்டா, எந்த அமைப்பில் இருந்தீர்கள், இராணுவம் அல்லது ஆயுதக் குழுவில் சேவை செய்ததுண்டா என்ற கேள்விகளும் உண்டு. புனர்வாழ்வு முகாமில் இருந்தவர்களும், சிறு வயதில் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். விடுதலைப் புலிகள் அமைப்பு 2006 முதல் கனடாவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. அதனால் இந்தப் பதிலுக்குச் சட்ட விளைவு உண்டு, மறைத்தாலும் விளைவு உண்டு. இப்படி ஏதாவது இருந்தால், திருத்திய படிவத்தை அனுப்புவதற்கு முன்பே கனடா வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். கொமினிகேசனில் நிரப்பும் தம்பியிடம் ஆலோசனை கேட்கும் விடயமல்ல இது.

### உறவு ஆதாரம்

கணவரும் மனைவியும் காத்திருக்கும் நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது. எண்ணிக்கை இங்கே உதவாது. 400 பக்க வட்ஸ்அப் உரையாடலை யாரும் வாசிக்கப்போவதில்லை, தமிழில் இருப்பதால் மொழிபெயர்ப்பு இல்லாமல் அதை வாசிக்கவும் முடியாது. மாதத்துக்கு ஒன்று என்ற அளவில் சில பக்கங்களைத் தெரிந்து, அவற்றை மட்டும் மொழிபெயர்க்கலாம். வீடியோ அழைப்புகளின் பட்டியலில் பெயர், நேரம், நிமிடம் மட்டும் இருப்பதால் மொழிபெயர்ப்புத் தேவை வராது.

இவற்றைவிடக் கனமானவை மூன்றாம் ஆள் கொடுத்த ஆவணங்கள். கணவர் அனுப்பிய பணத்துக்கான பற்றுச்சீட்டும் அது மனைவியின் வங்கிக் கணக்கில் விழுந்த பதிவும், கணவரின் பாஸ்போட்டில் இலங்கை வந்துபோன முத்திரைகள், விமானச் சீட்டுகள். கடிதம் ‘தொடர்கிறது’ என்று கேட்பதால் கலியாணப் படங்களை மறுபடி அனுப்புவதில் பயன் குறைவு. விண்ணப்பம் போட்ட நாளுக்குப் பின்னால் உள்ளவைதான் வேண்டும்.

## நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால்

- மார்ச் 4, 5: முகவரி, இலக்கங்கள் சரிபார்ப்பு. இரண்டு பொலிஸ் சான்றுகளுக்கும் விண்ணப்பம். ஜீ.எஸ்.ஐச் சந்தித்தல். பிரதேச செயலகத்தில் பிறப்புப் பத்திரம்.
- மார்ச் 12க்குள்: பத்திரம் மொழிபெயர்ப்பாளர் கையில். பாஸ்போட் பிரதியுடன்.
- மார்ச் 20க்குள்: படிவம் முடிந்து, கணவரும் ஒருமுறை வாசித்திருக்க வேண்டும். உறவு ஆதாரம் தெரிவு முடிந்திருக்க வேண்டும்.
- மார்ச் 25: எது வந்தது, எது வரவில்லை என்று முடிவெடுக்கும் நாள்.
- மார்ச் 28 முதல் 30 வரை: ஏற்றி அனுப்புதல். மின்சாரமோ இணையமோ நின்றாலும் இன்னும் நாள் இருக்கும்.

மார்ச் 25ஐத் தனியாகக் குறித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாளில் ஓமான் சான்று வந்திருக்காது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

## ஒன்று வராவிட்டால்

ஒன்று குறைகிறது என்பதற்காக மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் மிகப் பெரிய பிழை. கெடு தாண்டினால் அதிகாரியின் பார்வையில் நான்குக்கும் பதில் இல்லை. கெடுவுக்குள் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு பதில் போக வேண்டும். ஆவணம் இருந்தால் ஆவணம், இல்லாவிட்டால் விளக்கக் கடிதமும் முயற்சிக்கான சான்றும்.

விளக்கக் கடிதம் அரைப் பக்கம் போதும். விண்ணப்ப இலக்கம், எந்த ஆவணம், எந்தத் திகதியில் யாரிடம் விண்ணப்பித்தேன், அதன் இலக்கம், எப்போது கிடைக்கும் என்று சொன்னார்கள், எத்தனை நாள் கூடுதலாக வேண்டும். போரில் பட்ட கஷ்டம் முழுவதையும் அதில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பதிவேடு அழிந்தது போல, ஆவணம் இல்லாததற்கு அது நேரடிக் காரணமாக இருந்தால் ஒரு வரி எழுதலாம், அதற்கு மேல் தேவையில்லை. மார்ச் 4இல் விண்ணப்பித்த பற்றுச்சீட்டும், மார்ச் 29இல் விண்ணப்பித்த பற்றுச்சீட்டும் அதிகாரிக்கு ஒன்றல்ல.

கால நீடிப்பைக் கெடு முடிவதற்கு முன் கேட்க வேண்டும். கொடுப்பதும் விடுவதும் அதிகாரியின் விருப்பம். பதில் வராவிட்டால் கிடைத்துவிட்டது என்று எடுக்கக்கூடாது, ஆவணம் வந்த அன்றே அனுப்ப வேண்டும். இந்த உதாரணத்தில் நீடிப்பு ஏப்ரல் நடுப்பகுதியில் போய் விழும். 13, 14 புதுவருட விடுமுறை, அதற்கு முன்னும் பின்னும் ஒபிசுகளில் ஆள் குறைவு. கேட்கும்போது அந்த நாட்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

## ஏற்றும்போது

இணையக் கணக்கில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் இடம் இருக்கும், ஓர் இடத்தில் பெரும்பாலும் ஒரு கோப்புதான் ஏறும். ஆகவே பிறப்புப் பத்திரம், மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி மூன்றும் அந்த ஒழுங்கில் ஒரே கோப்பாக இருக்க வேண்டும். வராத ஓமான் சான்றுக்கான இடத்தில் விளக்கக் கடிதத்தை ஏற்ற வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் சில கணக்குகளில் அனுப்பும் பொத்தானே வேலை செய்யாது. கோப்பின் பெயர் ஆங்கிலத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிற மாதிரி:

```
03_Birth_Certificate_with_Translation.pdf
04_Police_Certificate_Oman_Explanation.pdf
```

கோப்பின் அளவுக்கு வரம்பு இருக்கும். அதற்காகப் படத்தை நெருக்கி நெருக்கி, முத்திரையில் உள்ள எழுத்தே வாசிக்க முடியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. ஏற்றுவதற்கு முன் கோப்பைத் திறந்து, முத்திரையையும் பதிவு இலக்கத்தையும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் மேசை விளக்குக்குக் கீழே எடுத்த படத்தைவிடக் கடையில் ஸ்கேன் பண்ணுவது மேல்.

அனுப்பி முடிந்ததும் வரும் உறுதிப்படுத்தல் பக்கத்தைத் திகதி தெரியும்படி படமெடுத்து, அனுப்பிய கோப்புகளின் பிரதியோடு விசுவமடுவிலும் ஸ்கார்பரோவிலும் வைத்திருக்க வேண்டும். ஓமான் சான்று பின்னால் வரும்போது கணக்கில் அந்த இடம் மூடியிருக்கலாம். அப்போது இணையப் படிவம் வழியாக அதே விண்ணப்ப இலக்கத்தையும், மார்ச் கடிதத்தின் திகதியையும், அதற்கு முதல் பதில் அனுப்பிய திகதியையும் போட்டு அனுப்ப வேண்டும்.